முதல் டெஸ்ட் கணவருக்கு, தேதி கணக்கு மனைவிக்கு

சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல குழந்தையின்மை சிகிச்சைக்கு வர்ற தம்பதிகள்ல ஒரு விஷயத்தை அடிக்கடி பார்க்கலாம். மனைவி கையில தடியா ஒரு ஃபைல். நாலு ஸ்கேன், தைராய்டு, ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் இருக்கும். கணவர் பேர்ல ஒரு தாள் கூட இருக்காது.

இது தலைகீழ் என்பது என் கருத்து. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் தரப்பிலும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. அதை விட்டுட்டு மனைவிக்கு மாசக்கணக்கா மாத்திரை கொடுக்கிறது என்ன நியாயம்ங்க?

ஒரு உதாரணம் வச்சுக்கலாம். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுற ஒருத்தர், வயசு 31. மனைவிக்கு 27. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். (ஒரு வருஷம் முயற்சி செய்தும் கரு தரிக்கலைன்னா பரிசோதனைக்கு வரணும். மனைவிக்கு வயசு 35 தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயே வந்துடுங்க.)

அவர் ரிப்போர்ட்: விந்தின் அளவு 2 மில்லி. ஒரு மில்லியில் 90 லட்சம் அணுக்கள். அப்போ மொத்தம் 1 கோடியே 80 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை, மொத்தம் 3 கோடியே 90 லட்சம். அளவுக்கு 1.4 மில்லி. முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம். ஆமாம், வெறும் நாலுதான். "96 சதவீதம் கோளாறுன்னு போட்டிருக்கே டாக்டர்"னு பயந்துக்கிட்டு வர்றவங்க நிறைய. பயப்பட வேண்டாம்.

இன்னொன்னும் புரிஞ்சுக்கணும். இந்த எண்கள் பாஸ் மார்க் கிடையாது. ஒரு வருஷத்துக்குள் அப்பாவான ஆண்களை வரிசைப்படுத்தினா, கடைசி 5 சதவீதம் பேர் இருக்கும் இடம்தான் அந்த எல்லை. அதாவது, அதுக்குக் கீழே இருந்தும் அப்பாவானவங்க இருக்காங்க.

நம்ம டிரைவர்கிட்ட கேட்டா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டெங்கு, கடும் காய்ச்சல். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அந்தக் காய்ச்சல் இன்னிக்கு ரிப்போர்ட்ல தெரியுது! போதாக்குறைக்கு இருபது நாள் லோடு முடிச்சு நேரா வந்து சாம்பிள் கொடுத்திருக்கார். இடைவெளி 2 முதல் 7 நாள்தான் இருக்கணும். அதிகமானா அசைவு குறைஞ்சு தெரியும். மூணு மாசம் கழிச்சு முறையா எடுத்தப்போ 2.5 மில்லி, மில்லிக்கு 2 கோடியே 40 லட்சம். மொத்தம் 6 கோடி. ஒரே ரிப்போர்ட்டை வச்சு மருந்து ஆரம்பிக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

ரெண்டாவதும் குறைவா வந்தா வேரிகோசில் (விதைப்பையில் நரம்பு வீக்கம்), ஹார்மோன் குறைபாடு எல்லாம் தேடணும். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறவங்க தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திடும்.

இப்போ மனைவி. மாதவிலக்கு ஒழுங்கா வருது, ஆனா 35 நாளுக்கு ஒருமுறை. யாரோ "14ம் நாள் சேருங்க"ன்னு சொல்லியிருக்காங்க. 14ம் நாள் கணக்கு 28 நாள் சுழற்சிக்கு மட்டும். கருமுட்டை வெளிவர்றது அடுத்த மாதவிலக்குக்கு சுமார் 14 நாள் முன்னாடி. இவங்களுக்கு அது 21ம் நாள். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோட இருக்கும், முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான். அதனால 16 முதல் 21 வரை ஒன்றுவிட்ட நாள் சேர்ந்தா போதும்.

அதே தப்பு இரத்தப் பரிசோதனையிலும் நடந்திருக்கு. 21ம் நாள் புரோஜெஸ்டிரோன் பார்த்து, குறைவா இருக்கு, முட்டை வரலைன்னு எழுதிட்டாங்க. முட்டை வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் அது உச்சத்துக்குப் போகும். இவங்களுக்கு 28ம் நாள் எடுக்கணும்.

தேதி பிடிபடலைன்னா மருந்துக்கடையில எல்ஹெச் கிட் கிடைக்கும். கர்ப்ப டெஸ்ட் மாதிரி சிறுநீர்ல பார்க்கலாம். பாசிட்டிவ் வந்தா ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவரும். பிசிஓஎஸ் இருக்கிறவங்களுக்கு இது பொய்யா பாசிட்டிவ் காட்டலாம். அவங்களுக்கு ஃபாலிக்குலர் ஸ்கேன் நல்லது. முட்டைப்பை தினம் 2 மில்லிமீட்டர் போல வளர்ந்து, 18 முதல் 22 வரை வந்து உடையும். உடைஞ்சதை அடுத்த ஸ்கேன்ல உறுதி பண்ணலாம்.

முட்டை வருது, அணுவும் இருக்கு. அப்போ அடுத்து கருக்குழாய் அடைப்பு இருக்கான்னு எக்ஸ்ரே மூலமா பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி அந்த டிரைவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன்: கடந்த ஆறு மாசத்துல 16ல் இருந்து 21ம் நாளுக்குள்ள எத்தனை தடவை வீட்ல இருந்தீங்க?

விரல் விட்டுப் பார்த்துட்டு சொன்னார், "ஒரே தடவைங்க."