"நான் தேடிப் பார்த்துட்டேன் டாக்டர்": எங்கே, எப்படித் தேடினீங்க?

1/
ஐப்பசி மழை இறங்கினா போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம் பக்கம் ரெண்டு விஷயம் சேர்ந்தே வரும். ஒண்ணு டெங்கு. இன்னொண்ணு நிலவேம்புக் குடிநீர் பற்றிய வாட்ஸப் சண்டை. "நூத்துக்கணக்கான ஆய்வு நிரூபிச்சிருக்கு"ன்னு ஒரு கோஷ்டி. "ஒரு ஆய்வுகூட கிடையாது"ன்னு இன்னொரு கோஷ்டி. இதுல என்னை மாதிரி அலோபதி டாக்டர்களும் அடக்கம்.

ரெண்டு பேருகிட்டயும் எனக்கு ஒரே கேள்விதானுங்க. எங்கே தேடினீங்க? என்ன வார்த்தை போட்டுத் தேடினீங்க? எதைச் சேர்த்தீங்க, எதைத் தள்ளினீங்க? நீளமான இழை இது, பொறுமையா படிங்க.

2/
2017 அக்டோபர் ஞாபகம் இருக்கா? தமிழ்நாடு முழுக்க டெங்கு. அரசே பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம்னு நிலவேம்புக் குடிநீர் ஊத்திக்கிட்டு இருந்துச்சு. சரியான ஆராய்ச்சி முடிவு வர்ற வரைக்கும் விநியோகிக்க வேண்டாம்னு கமல்ஹாசன் தன் ரசிகர்களைக் கேட்டுக்கிட்டார். ஊரே ரெண்டாப் பிரிஞ்சுது. டிவி விவாதத்துல ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கிக் காட்டினாங்க. அந்த ஆய்வு எப்படிக் கைக்கு வந்துச்சுன்னு மட்டும் யாரும் சொல்லல.

3/
ஆய்வைப் பொறுக்கி எடுத்தா என்ன ஆகும்? நிலவேம்பு ஆண் விந்தணுவைப் பாதிக்கும்னு ஒரு பயம் சுத்துதே, அதையே பாருங்க. 1990-ல் வந்த ஒரு எலி ஆய்வு பாதிக்கும்னு சொல்லுச்சு. 1997-ல் வந்த இன்னொரு எலி ஆய்வு, விதைப்பையில நச்சு விளைவு எதுவும் தெரியலைன்னு சொல்லுச்சு. பயமுறுத்த நினைக்கிறவர் முதலாவதை ஃபார்வர்டு பண்ணுவார். தைரியம் சொல்ல நினைக்கிறவர் ரெண்டாவதை. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ஆனா ரெண்டு பேரும் தேடவும் இல்ல, பொறுக்கினாங்க. தேடுறதுன்னா முடிவு தெரியறதுக்கு முன்னாடியே விதியை எழுதி வெச்சுட்டு இறங்கறது.

4/
முதல் விதி: கேள்வியைக் கூராக்குங்க. "நிலவேம்பு டெங்குவுக்கு நல்லதா?" என்பது டீக்கடைக் கேள்வி. திறனாய்வுக் கேள்வி இப்படி இருக்கணும்: ரத்தப் பரிசோதனையில உறுதியான டெங்கு நோயாளிகளுக்கு, வழக்கமான சிகிச்சையோட நிலவேம்புக் குடிநீரும் கொடுத்தா, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவங்களை விட, தீவிர டெங்குவும் சாவும் குறையுதா?

யாருக்கு, என்ன கொடுத்து, எதோட ஒப்பிட்டு, எதை அளந்தோம். நாலும் உள்ளே இருக்கணும். "குடிச்சா டெங்கு வராது" என்பது முழுக்க வேற கேள்வி. அதுக்கு ஆரோக்கியமானவங்களை வெச்சு ஆய்வு நடக்கணும். ரெண்டையும் கலக்கறதுலதான் பாதிச் சண்டையே.

5/
"எதோட ஒப்பிட்டு" என்பதை ஏன் இவ்வளவு பிடிச்சுத் தொங்கறேன்? டெங்குல காய்ச்சல் பெரும்பாலும் 3-லிருந்து 7 நாளுக்குள்ள இறங்கும். அந்த நேரத்துலதான் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், அடிமட்டத்துக்குப் போகும். அதுக்கப்புறம் பெரும்பாலானவங்களுக்குத் தானாவே ஏறும். அஞ்சாம் நாள் நீங்க நிலவேம்பு குடிச்சாலும் ஏறும், பப்பாளி இலைச் சாறு குடிச்சாலும் ஏறும், இளநீர் குடிச்சாலும் ஏறும்.

அதனால ஒப்பீட்டுக் குழு இல்லாத "50 பேருக்குக் கொடுத்தோம், 50 பேருக்கும் பிளேட்லெட் ஏறிச்சு" ரக ஆய்வு என் கேள்விக்குப் பதில் தராது. இது சித்தா மேல இருக்கிற காழ்ப்பு இல்ல. அலோபதி மாத்திரைக்கும் இதே விதிதான்.

6/
இப்ப வார்த்தைக்கு வருவோம். கூகுள்ல "நிலவேம்பு டெங்கு குணமாகும்"னு அடிச்சா, குணமாகும்னு சொல்ற பக்கங்கள்தான் முன்னாடி வந்து நிக்கும். கேள்விக்குள்ளயே பதிலை வெச்சுட்டீங்களே! தேடல் வார்த்தையில "குணம்", "பலன்", "ஆபத்து" எதுவும் வரக்கூடாது. மருந்தும் நோயும் மட்டும் போதும். விளைவு என்னங்கறதை ஆய்வைப் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம்.

7/
மருந்துக்கு ஒரே பேர் இல்ல. தாவரவியல்ல ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா. வடக்கே கால்மேக். அதுல இருக்கிற முக்கியச் சேர்மம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. நம்ம "நிலவேம்பு"வை ஆங்கிலத்துல எழுதறப்ப ஒருத்தர் பி போடுவார், ஒருத்தர் வி-க்கு முன்னாடி இடைவெளி விடுவார். ஒரு எழுத்து மாறினா ஒரு ஆய்வு நழுவிடும். பப்மெட்ல நான் போடுற தேடல் இது:

```
("Andrographis"[Mesh] OR andrographis[tiab]
 OR andrographolide*[tiab] OR kalmegh[tiab]
 OR nilavemb*[tiab] OR nilavemp*[tiab]
 OR "nila vembu"[tiab])
AND
("Dengue"[Mesh] OR dengue[tiab] OR DENV[tiab])
```

8/
மிரளாதீங்க, எளிமையானதுதான். OR வலையை அகலமாக்கும், AND சுருக்கும். ஒரே பொருளுக்கான பேரெல்லாம் OR போட்டு ஒரு அடைப்புக்குள்ள. ரெண்டு அடைப்புக்கும் நடுவுல AND. நட்சத்திரக் குறி போட்டா அந்த வார்த்தை எப்படி முடிஞ்சாலும் பிடிக்கும்.

[Mesh] என்பது நூலகத்துக்காரங்க கட்டுரைக்கு ஒட்டுற தலைப்புச் சீட்டு. சில கட்டுரைக்குச் சீட்டு ஒட்டவே மாட்டாங்க. அதனாலதான் [tiab], அதாவது தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடச் சொல்றதும் கூடவே வேணும். சீட்டை மட்டும் நம்பித் தேடிட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு அறிவிக்கிற டாக்டர் நண்பர்களே, காதுல விழுதுங்களா?

9/
வலையில ஓட்டை இருக்கான்னு சோதிக்க ஒரு வழி இருக்கு. கண்டிப்பா சிக்க வேண்டிய ஒரு கட்டுரையை முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்குங்க. நிலவேம்புக் குடிநீரை டெங்கு, சிக்குன்குனியா வைரஸ் மேல ஆய்வுக்கூடத்துல சோதிச்ச ஒரு கட்டுரை 2020-ல் ஆயுர்வேத, ஒருங்கிணைந்த மருத்துவ இதழ் ஒண்ணுல வந்துச்சு. உங்க தேடல்ல அது வரலைன்னா தேடல்தான் தப்பு. போய் வார்த்தையைத் திருத்துங்க. இப்படி ரெண்டு மூணு கட்டுரையை வெச்சுச் சோதிச்ச பிறகுதான் "இல்ல"ன்னு சொல்ற தகுதியே வரும்.

10/
அடுத்தது இடம். பப்மெட் மட்டும் பார்த்தா பத்தாது. எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் ரெண்டும் பார்க்கணும். ஆனா சித்த மருந்தைப் பத்தித் தேடறப்ப உலகத் தரவுத்தளங்களோட நின்னா அது அநியாயம். ஆயுஷ் ஆராய்ச்சித் தளம் இருக்கு. தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தோட இணையக் களஞ்சியத்துல சித்தா எம்டி ஆய்வேடுகள் இருக்கு. இதுல பல இதழ்ல வராமலே தூங்குது. அங்கே எட்டிப் பார்க்காம "ஆய்வே கிடையாது"ன்னு சொல்றது, கோவை ரயில் நிலையத்துல மட்டும் பார்த்துட்டு "ரயிலே வரல"ன்னு சொல்ற கதை. போத்தனூர் ஜங்ஷன்னு ஒண்ணு இருக்குங்க!

11/
இன்னொரு முக்கியமான இடம் சிடிஆர்ஐ. இந்தியாவுல நடக்கிற மருத்துவ ஆய்வுகளோட பதிவேடு, 2007-லிருந்து இருக்கு. யார் வேணாலும் இலவசமாப் பார்க்கலாம். இதை ஏன் பார்க்கணும்? ஆய்வைப் பதிவு பண்ணுவாங்க, நடத்துவாங்க, முடிவு பிடிக்கலைன்னா வெளியிடாம விட்டுடுவாங்க. வெளிவந்ததை மட்டும் எண்ணினா எல்லா மருந்தும் அமிர்தமாத்தான் தெரியும். பதிவாகி முடிவு வராத ஆய்வு எத்தனைன்னு தனியாக் குறிச்சு வைங்க. அதுவும் ஒரு தகவல்தான்.

12/
சேர்ப்பு விதிகள். உள்ளே வரக்கூடியது: மனிதர்கள்ல நடந்த ஆய்வு, பரிசோதனையில உறுதியான டெங்கு, குலுக்கல் முறையில பிரிச்ச ஒப்பீட்டுக் குழு. மொழியோ ஆண்டோ தடை இல்ல, தமிழ்ல இருந்தாலும் சேர்ப்போம். வெளியே: எலி, செல், கம்ப்யூட்டர்ல மூலக்கூறைப் பொருத்திப் பார்க்கிற ஆய்வு, ஒப்பீடு இல்லாத தொகுப்பு.

இந்த விதியை தேடறதுக்கு முன்னாடியே எழுதி, தேதி போட்டு, ப்ராஸ்பெரோ மாதிரிப் பொதுப் பதிவேட்டுல ஏத்திடணும். ஆய்வைப் பார்த்துட்டு விதி எழுதினா அது மாப்பிள்ளையைப் பார்த்துட்டுப் பொருத்தம் எழுதற ஜோசியம்.

13/
சலிக்கிற வேலை. எல்லா இடத்துலயும் சேர்ந்து, பேச்சுக்கு, 150 கட்டுரை சிக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரே கட்டுரை மூணு இடத்துல வந்திருக்கும், முதல்ல அந்த நகல்களைத் தூக்கணும். மிச்சத்தை ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காம, தலைப்பும் சுருக்கமும் படிச்சுச் சலிக்கணும். சந்தேகம்னா தள்ளாதீங்க, அடுத்த சுற்றுக்கு அனுப்புங்க. அப்புறம் முழுக் கட்டுரை. இந்தச் சுற்றுல தள்ளுற ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதணும். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகலைன்னா மூணாவது ஆள் தீர்ப்பு.

எத்தனை வந்துச்சு, எத்தனை போச்சு, ஏன் போச்சுன்னு ஒரே படத்துல வரையணும். அதுக்குப் பேர்தான் ப்ரிஸ்மா வரைபடம்.

14/
நான் சொன்ன 2020 கட்டுரையை இந்தச் சல்லடையில போடுங்க. தேடல்ல சிக்கும். தலைப்பைப் படிச்சாலே ஆய்வுக்கூடச் சோதனைன்னு தெரியும், முதல் சுற்றுலயே வெளியே. "ஐயோ, நல்ல முடிவைத் தள்ளிட்டாங்க"ன்னு கூச்சல் வரும். தள்ளலைங்க, வேற பெட்டியில வெச்சோம்.

அதுல சோதிச்சது எத்தனால்ல எடுத்த சாறு. நீங்க குடிக்கிறது தண்ணியில காய்ச்சின கஷாயம். கண்ணாடித் தட்டுல வைரஸ் குறைஞ்சா, மனுசங்கள்ல சோதிச்சுப் பார்க்க ஒரு காரணம் கிடைச்சிருக்குன்னு அர்த்தம். சோதிச்சு முடிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல.

15/
இவ்வளவும் செஞ்ச பிறகு சல்லடையில ஒண்ணு ரெண்டுதான் தங்குதுன்னா, அல்லது ஒண்ணுமே தங்கலைன்னா? "வேலை செய்யாது"ன்னு எழுத முடியாது. "வேலை செய்யுதான்னு இன்னும் யாரும் ஒழுங்காப் பார்க்கல"ன்னுதான் எழுத முடியும். இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு. முதல் வாக்கியத்தை அலட்சியமா வீசற என் சக டாக்டர்கள் மேலயும் எனக்குக் கோபம்தான். அரசு வரிப்பணத்துல லட்சக்கணக்கானவங்களுக்கு ஊத்தினப்ப ஒரு ஒப்பீட்டு ஆய்வையும் சேர்த்து நடத்தியிருந்தா, இந்தச் சண்டையே தேவைப்பட்டிருக்காது.

16/
அதனால அடுத்த தடவை யாராவது "ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சு" இல்ல "ஆராய்ச்சியே இல்ல"ன்னு அனுப்பினா, சண்டை போடாதீங்க. நாலு விஷயம் மட்டும் கேளுங்க: எந்தத் தரவுத்தளம்? என்ன வார்த்தை? எந்தத் தேதி? எதைத் தள்ளினீங்க, ஏன்? நாலுக்கும் பதில் இருந்தா உக்காந்து படிங்க. இல்லைன்னா அது கருத்து, அவ்வளவுதான்.

நடுவுல வீட்டுல யாருக்காவது டெங்கு காய்ச்சல் இறங்கற நேரத்துல விடாத வயித்துவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, அசதி வந்தா, எந்த இழையையும் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.