ஆறு மணிக்கு முடிகிற முகூர்த்தம்

சென்ற தை மாதம் ஒரு புதன்கிழமை எங்கள் வீட்டில் புதுமனை புகுவிழா. முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 வரை. பத்திரிகையை இணைத்து ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். எங்கள் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறதே தம்பி, வகுப்புக்கு வருவதில் என்ன தடை? ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்விகள்தாம். அன்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். விடையை இம்மலரில் எழுதுகிறேன்.

பஞ்சாங்கத்தை நான் நம்புகிறேனா என்பது வேறு வழக்கு. என் தந்தையார் நம்புகிறார். கடன் வாங்கி வீடு கட்டியவரும் அவரே. ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் குடிபுக மாட்டார்கள். செவ்வாயும் சனியும் ஆகா. ஞாயிறையும் எங்கள் ஊரில் தவிர்ப்பார்கள். எஞ்சும் நான்கு கிழமைகளும் கல்லூரி நாட்களாகவே இருப்பதற்கு நாங்கள் என்ன செய்வோம்?

அடுத்து, அந்த ஆறு மணி. முதல்நாள் இரவே தச்சு கழித்து, கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்குடன் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். விடியலில் பசுவும் கன்றும் முன்னே செல்ல, நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் ஏந்தி உள்ளே போய்ப் பால் காய்ச்சுவார்கள். பத்திரிகையில் அச்சாகும் நேரம் இவ்வளவுக்குத்தான். உறவினர்கள் வரத் தொடங்குவதே ஏழு மணிக்குமேல். அப்போதுதான் வீட்டில் படித்த பிள்ளைக்கு வேலை. மொய் நோட்டு அவன் கைக்கு வரும். பெயர், தலைப்பெழுத்து, ஊர், தொகை ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் தலைகுனிவு. மொய் அன்பளிப்பு அன்று, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் அக்காள் வீட்டுக் குடிபுகுதலுக்குக் "கடுங்காய்ச்சல்" என்று எழுதினான். கேள்வியே இல்லாமல் கையொப்பம் கிடைத்தது. உண்மையை எழுதியவனுக்கு விசாரணை, பொய் எழுதியவனுக்கு விடுப்பு! வருகைப் பதிவில் சலுகை வேண்டாம். அந்த நாளை விடுப்பாகவே குறிக்கட்டும். அன்று தேர்வு இருந்தால் மறுநாள் எழுத விடட்டும். மாணவரும் ஒரு வாரம் முன்னதாகக் கேட்க வேண்டும். ஒரு நாளை மூன்று நாளாக்கக் கூடாது. இதுவே என் கருத்து.

எனக்குக் கிடைத்தது முற்பகல் அனுமதி மட்டும். பத்து மணிக்கே நோட்டை எட்டாவது படிக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். அவன் எழுதியதில் ஒரு வரி: "முருகேசன், 501 ரூபாய்." எங்கள் உறவில் நான்கு முருகேசன்கள். வைகாசியில் அவர்களில் ஒருவர் வீட்டில் காதணி விழா. அப்பா இன்னும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.