'விளங்கிட்டுது' என்ற பிறகு கேட்க வேண்டிய கேள்வி

தெற்காசியர்களுக்கு நீரிழிவு ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்று லண்டனில் தேடத் தொடங்கியவர்கள் வந்து நின்ற ஊர் சவுத்தால். 1980களின் கடைசியில் பால் மெக்கீக்கும் அவருடைய குழுவினரும் இங்கும் சுற்றுவட்டாரத்திலும் 40 முதல் 69 வயது வரையுள்ளவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 1991இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஐரோப்பியரில் நூற்றுக்கு 4 பேருக்கு நீரிழிவு என்றால், தெற்காசியரில் 19 பேருக்கு இருந்தது. பிரெண்ட் பகுதி மக்களையும் சேர்த்துக்கொண்டு, இருபது ஆண்டுகள் கழித்து அவர்களையே மறுபடி தேடிப்போன ஆய்வுக்கு 'சேபர்' என்று பெயர். எண்பது வயதை எட்டும்போது தெற்காசியரில் நீரிழிவுக்காரர்கள் ஐரோப்பியரைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு என்று அது சொன்னது.

ஆக, நோயைப் பற்றித் தெரியாத ஊரில்லை இது. மாத்திரைக்கும் இங்கே காசு கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தில் நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் விலக்கு. பிறகும் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், கிளினிக்கில் தாதி சொன்ன பேச்சு வீட்டுச் சமையலறைக்கு வந்து சேரும் வழியில்தான்.

அந்த வழியில் எவ்வளவு சிந்துகிறது என்பதை ஓரளவுக்கு அளந்து பார்த்திருக்கிறார்கள். 2003இல் டீன் ஷில்லிங்கர் குழு சான் பிரான்சிஸ்கோவின் அரசு மருத்துவமனை ஒன்றில், மருத்துவத் தகவல்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் 74 நீரிழிவு நோயாளிகள் மருத்துவரோடு பேசியதை ஒலிப்பதிவு செய்தது. மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் நூற்றுக்கு 12ஐப் பற்றித்தான் 'நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்' என்ற பாணியில் திருப்பிக் கேட்டிருந்தார்கள். கேட்ட இடங்களிலும் ஏறத்தாழப் பாதியில் நோயாளி சொன்னது தவறு. கேட்காமல் விட்ட 88இல் எத்தனை தவறு இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

திருப்பிச் சொல்ல வைக்கும் இந்த முறை இன்று மருத்துவப் பணியாளர் பயிற்சிகளில் பாடமாகவே இருக்கிறது. ஆனால் பத்து நிமிடச் சந்திப்பில் அதற்கு எப்போதும் இடம் கிடைப்பதில்லை. சவுத்தாலில் இன்னொரு சிக்கல் உண்டு. தாதி ஆங்கிலத்தில் சொல்ல, கூடப்போன மகள் தமிழில் சுருக்கிச் சொல்ல, தாய் தலையாட்டுவார். வெளியே வரும்போது விஷயம் விளங்கியிருப்பது மகளுக்கு. மாத்திரை போடப்போவது தாய். குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைக்காமல் அதற்கென்றே பயிற்சி பெற்றவரை அழையுங்கள் என்றுதான் தேசிய சுகாதார சேவையின் வழிகாட்டுதலும் சொல்கிறது. நடைமுறையில் மகள்தான் போகிறாள். அதனால் வீட்டுக்கு வந்ததும் யார் யாருக்கு விளக்குவது என்பதை மாற்றிப்போட வேண்டியிருக்கிறது. மகள் அம்மாவுக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொடுப்பதில் பெரிய பயனில்லை. கிளினிக்குக்கு வராத ஒருவருக்கு அம்மா சொல்லிக்காட்ட வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சவுத்தாலில் குடியிருக்கும் 68 வயது அம்மம்மா. பல ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் அளவு ஏறியிருப்பதால், கிளிக்ளசைட் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், சர்க்கரை சில வேளை தாழ்ந்துபோகலாம், கைப்பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று தாதி சொன்னார். அம்மம்மா வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொல்கிறார்:

"புதுக் குளிசை ஒண்டு தந்திருக்கினம். காலமை சாப்பாட்டோட போடட்டாம். சீனி சில வேளை இறங்குமாம், கைப்பையிலை இனிப்பு வச்சிருக்கட்டாம்."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பெரும்பாலான வீடுகளில் விஷயம் இங்கேயே முடிந்துவிடும், 'விளங்கிட்டுது' என்று. தாதி சொன்னதைத் தாதியின் வார்த்தையிலேயே ஒப்பிப்பது நினைவுக்கான சோதனை. அம்மம்மா அதில் தேறிவிட்டார். விளங்கியதா என்பது அடுத்த கேள்வியில்தான் தெரியும். பேத்தி கெட்டிக்காரி என்று வைத்துக்கொள்வோம்.

"பழைய குளிசை என்னத்துக்கு, அம்மம்மா?"

"சீனியைக் குறைக்கிறதுக்கு."

"அப்ப புதுசு?"

"அதுவும் அதுக்குத்தான்."

"ரெண்டும் ஒரே வேலை எண்டா, பழையதைக் கூட்டித் தந்திருக்கலாமே?"

அம்மம்மாவிடம் பதில் இல்லை. தேடிய ஓட்டை இதுதான். மெட்ஃபோர்மின் முக்கியமாகக் கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. தனியாக எடுக்கும்போது அது சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம். கிளிக்ளசைட் செய்வது வேறு. கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. 'சாப்பாட்டோடு' என்று தாதி அழுத்திச் சொன்னதற்கும், 'தாழ்ந்துபோகலாம்' என்ற எச்சரிக்கைக்கும் காரணம் இந்த ஒன்றே. அது தெரியாதவரை அம்மம்மாவின் தலையில் மூன்று அறிவுரைகளும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகக் கிடக்கும்.

'ஏன்' என்று கேட்டால் அகப்படும் ஓட்டை, 'எப்போது', 'எத்தனை' என்று கேட்டால் ஏன் அகப்படுவதில்லை? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட்டும் ஃபிராங்க் கீலும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஜிப், பூட்டு, கழிவறைத் தண்ணீர்த் தொட்டி போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று முதலில் ஆட்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தவர்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நாடுகளின் தலைநகர் போன்ற தகவல்களிலும், ஒரு காரியத்தைச் செய்யும் முறைகளிலும் இந்த மிதப்பு மிகக் குறைவாகவே இருந்தது. தலைநகர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று நமக்கே தெரியும். ஒன்று எப்படி இயங்குகிறது என்பதில்தான் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம். மாத்திரை விஷயமும் அப்படியே. எத்தனை மணிக்குப் போடுவது என்பதை மறந்தவர் மறந்ததை உணர்ந்து பெட்டியைப் பார்ப்பார். அது உடம்பில் என்ன செய்கிறது என்று தெரியாதவருக்கு, தெரியாது என்பதே தெரியாது.

இனி அம்மம்மாவின் கந்தசஷ்டி. ஐப்பசியில் ஆறு நாள் விரதம் இருப்பவர் அவர். "விரதத்திலை என்ன செய்வியள்?" என்று பேத்தி கேட்டால் தயக்கமே இல்லாமல் பதில் வரும்: "குளிசையை நான் ஒருநாளும் விட்டதில்லை. தண்ணியோட போட்டிட்டு இருந்திடுவன்." மெட்ஃபோர்மினோடு இத்தனை வருடம் அப்படித்தான் ஓட்டினார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பழக்கத்தையே கிளிக்ளசைட்டுக்கும் கொண்டுவந்தால், வெறும் வயிற்றில் இன்சுலின் சுரந்து, முற்பகலிலேயே வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றி விழலாம். விரதக் களைப்பு என்று வீட்டார் படுக்க வைத்துவிட்டால் இன்னும் ஆபத்து.

வீட்டு விளக்கத்துக்கு எல்லை வருவது இங்கேதான். இதைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம் பேசாத எல்லை. அம்மம்மா திணறியபோது பேத்திக்கு ஓட்டை தெரிந்தது. அம்மம்மா உறுதியாகத் தவறாகச் சொன்னபோது பேத்திக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் சரியானது எது என்று அவளுக்கும் தெரியாது. இன்னொருவருக்கு விளக்கிப் பார்ப்பது இல்லாததைக் காட்டிக்கொடுக்கும். இருக்கும் தவறை அது காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சரளமாகச் சொன்ன தவறு, சொன்னவர் மனதில் இன்னும் கெட்டியாகப் பதியவும் கூடும். ஆகவே தடுமாறிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. வழக்கத்துக்கு மாறான நாட்களைப் பற்றி, அதாவது விரதம், வாந்தி வயிற்றோட்டம், இரவு நேரக் கலியாணச் சாப்பாடு பற்றி என்ன சொன்னாரோ, அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதையும் எழுதிவைக்க வேண்டும்.

கேட்பவர் மாறினால் அகப்படும் ஓட்டையும் மாறும். இதே விஷயத்தை அம்மம்மா தொலைபேசியில் சென்னையிலிருக்கும் தங்கைக்குச் சொல்லும்போது, "எனக்கு 58 எண்டு சொன்னவை" என்பார். தங்கைக்குத் தூக்கிவாரிப்போடும், அவருக்குத் தெரிந்தது 6.5, 7, 8 என்ற எண்கள்தான். பிரிட்டன் 2011இலிருந்து அந்த மூன்று மாதச் சராசரிச் சோதனையை வேறு அலகில் சொல்கிறது. இங்கே 58 என்பது அங்கே ஏறக்குறைய 7.5 சதவீதம். விரல் குத்திப் பார்க்கும் அளவும் அப்படித்தான். இங்கே வரும் எண்ணை 18ஆல் பெருக்கினால் சென்னையின் எண் கிடைக்கும். 'நாலுக்குக் கீழே போகக் கூடாது' என்று தாதி சொன்ன நாலு, தங்கைக்கு 72. இது தெரியாமல் இரண்டு சகோதரிகளும் எண்களை ஒப்பிட்டு அறிவுரை பரிமாறிக்கொள்வது, ஒருவர் பவுணிலும் மற்றவர் ரூபாயிலும் ஒரே புடவைக்குப் பேரம் பேசுவது போல.

எழுதிவைத்ததை எங்கே கொண்டுபோவது? இங்கிலாந்தில் அதற்கு ஒரு வாசல் 2011 அக்டோபரிலிருந்தே திறந்திருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. மருந்துக் கடைகளில் நடக்கும் 'நியூ மெடிசின் சர்வீஸ்' என்ற இலவசச் சேவை இரண்டாம் வகை நீரிழிவுக்குப் புதிதாக மருந்து தொடங்குபவர்களுக்கும் உண்டு. மருந்தை வாங்கும்போது பெயர் கொடுத்துவிட்டால், ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்தாளர் நேரிலோ தொலைபேசியிலோ பேசுவார். அதன்பின் இரண்டு மூன்று வாரங்களில் இன்னொரு பேச்சு. வீட்டில் பேத்திக்குச் சொல்லிப் பார்க்காமல் போனால் அந்தப் பேச்சு 'எல்லாம் சரியா?', 'ஓம்' என்று ஒரு நிமிடத்தில் முடியும். சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் அம்மம்மாவின் கையில் கேள்வி இருக்கும்: பழையதும் புதியதும் ஏன் இரண்டும் வேண்டும்? சஷ்டி ஆறு நாளும் இதை எப்படி எடுப்பது? இரண்டாவதற்கு அளவைக் குறைப்பதா, விடுவதா, விரதத்தையே மாற்றுவதா என்று மருந்தாளரோ மருத்துவரோ அவருடைய சிறுநீரகத்தையும் மற்ற மருந்துகளையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதைப் பேத்தியோ சென்னைத் தங்கையோ தீர்மானிப்பதற்கில்லை. தமிழ் பேசும் மருந்தாளர் எல்லாக் கடையிலும் அமையமாட்டார் என்பதால், தொலைபேசிப் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டுப் பேத்தி பக்கத்தில் இருப்பது நல்லது. மருந்தாளரின் பதிலைப் பேத்தி தமிழில் சொல்லி முடித்ததும், அழைப்பைத் துண்டிக்கும் முன்பே, விரத நாளில் என்ன செய்யப்போகிறார் என்பதை அம்மம்மா தன் வாயால் சொல்ல, அதைப் பேத்தி ஆங்கிலத்தில் மருந்தாளருக்குத் திருப்பிச் சொல்லலாம். அதற்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.