குப்பைமேடும் ஓடுபாதையும்

1973-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் தேதி, அமெரிக்காவில் அட்லாண்டா நகரை அடுத்த டீகால்ப்-பீச்ட்ரீ விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சிறிய லியர்ஜெட் விமானமொன்று, தரையை விட்டு எழும்பிய மாத்திரத்தில் கௌபேர்டு என்னும் சிறு பட்சிகளின் கூட்டத்தில் புகுந்தது. ஒவ்வொன்றும் 50 கிராம் எடைகூடத் தேறாத அப்பட்சிகள் இரண்டு எஞ்சின்களுக்குள்ளும் இழுக்கப்பட்டு, உந்து சக்தி ஒருங்கே குன்றிப்போக, விமானம் அருகிலிருந்த குடியிருப்புக் கட்டடத்தில் மோதி, விமானத்திலிருந்த 7 பேரும் மாண்டனர். அந்நிலையத்தை ஒட்டியே ஒரு குப்பைமேடு இருந்தது. விமான நிலையத்துக்கு எந்தக் கவுண்டி நிர்வாகம் சொந்தக்காரரோ, அதுவேதான் குப்பைமேட்டையும் நடத்தி வந்தது. சுற்றியுள்ள நிலத்தை விமானப் போக்குவரத்துக்கு இசைவான காரியங்களுக்கே பயன்படுத்துவதாக மத்திய சர்க்காருக்கு வாக்குக் கொடுத்து மானியம் பெற்றிருந்ததும் அதே நிர்வாகந்தான்.

இவ்விபத்தைத் தெய்வச் செயலென்று சொல்லிவிட முடியாது. அழுகிய காய்கறியும் மாமிசக் கழிவும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து கொட்டப்படும் இடத்தைப் பறவைகள் வெகுசீக்கிரம் கண்டுகொள்கின்றன. இரவில் ஏரிக்கரையிலோ தோப்பிலோ தங்கி, விடியலில் இரைக்குப் பறந்து, உண்டபின் பகைவரின் வரவைத் தூரத்திலிருந்தே காணக்கூடிய திறந்தவெளியான ஓடுபாதையில் இளைப்பாறி, அந்தியில் திரும்புகின்றன. ஆகவே ஆபத்து குப்பைமேட்டின் உச்சியில் மட்டும் இல்லை. அதற்கும் உறைவிடத்துக்கும் இடைப்பட்ட வான்வழியில்தான் பெரும்பகுதி இருக்கிறது. 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேடு, விமானங்கள் இறங்கும் பாதையைப் பறவைகள் குறுக்கிடும்படி அமைந்துவிட்டால், எதிர்ப்புறத்தில் 6 கிலோமீட்டரில் கிடக்கும் மேட்டைவிடக் கொடியதாகலாம். நம் தேசத்துக் கரும்பருந்துகளோ, வெயில் ஏற ஏற எழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு, விமானம் தாழ்ந்து வரும் உயரத்துக்கே போய்விடுகின்றன.

பறவைகளைச் சுட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு பெய்ரூட் நகரம் ஒரு பாடம். ஓடுபாதைக்கருகே கடலோரத்தில் கோஸ்டா பிராவா குப்பைக்கிடங்கைத் திறந்துவிட்டு, அங்கே திரண்ட கடற்காகங்களைச் சுட 2017 ஜனவரியில் வேட்டைக்காரர்களை அனுப்பினார்கள்; உலகத்தின் கண்டனந்தான் மிஞ்சியது. வெடிச் சத்தத்தினால் தமக்கு ஹானியில்லை என்பதைப் பறவைகள் சில நாட்களிலேயே அறிந்துகொள்ளும். கொன்றவற்றின் இடத்துக்கோ, இரை உள்ளவரையில், வேறு பறவைகள் வந்து சேரும்.

கிடங்கிலேயே செய்யத்தக்கவை உண்டு. கொட்டும் முகப்பைக் குறுக்கி, வந்ததை உடனே இறுக்கி, அன்றன்று 15 சென்டிமீட்டர் மண்ணிட்டு மூடுவது முதல் காரியம். ஆனால் மாலையில் இடும் மண், பகல் முழுதும் நடந்த விருந்தைத் தடுப்பதில்லை. முகப்பின்மேல் இணையாகக் கட்டும் மெல்லிய கம்பிகளுக்குக் கடற்காகங்கள் அஞ்சும். காக்கையும் பருந்தும் அவற்றைப் பெரிதாக மதிப்பதில்லை. இவ்விரு பறவைகளுக்கும் முழு வலையே வேண்டும். எல்லாவற்றிலும் மேலானது, சமையற் கழிவு அங்கே வந்து சேராமலே செய்வது. வீட்டு வாசலிலேயே பிரித்து, மூடிய கட்டடத்துள் எருவாக்கி, உலர்ந்த சரக்கை மட்டும் கிடங்குக்கு அனுப்பினால், அங்கே பறவைக்கு வேலையில்லை.

நம் நாட்டில் விதிக்குப் பஞ்சமில்லை. 1937-ஆம் வருஷத்து விமான விதிகளின் 91-ஆவது விதி, நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டுவதையும் மிருகங்களை அறுப்பதையும் தடுத்தது. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகள் குப்பைக்கிடங்குக்கு 20 கிலோமீட்டர் தூரம் விதித்து, 10-க்கும் 20-க்கும் இடைப்பட்ட இடத்துக்கு விமானத் துறையின் ஆட்சேபமின்மைச் சான்றைக் கேட்டன. எனினும் வேலிக்கு உள்ளே அதிகாரமுள்ள விமான நிலையத்தார் வேலிக்கு வெளியே கடிதம் எழுதுகிறார்கள். வெளியே அதிகாரமுள்ள நகரசபையார் நிலமில்லை என்று பதில் எழுதுகிறார்கள். நிலமில்லை என்பது வெறும் சாக்குமன்று. 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினால், ஓர் ஏழைக் கிராமத்தின் தலையில் நாற்றத்தைச் சுமத்தியதாகவே முடியும். அதனாலேயே, தூரத்தைக் கூட்டுவதற்கு முன் குப்பையிலிருந்து உணவைப் பிரிக்க வேண்டும் என்கிறோம்.

அதற்கான பொறுப்பு நகரசபையின்மேல் பெயர் குறித்துச் சுமத்தப்படவேண்டும். ஓடுபாதைக்கு அண்மையிலுள்ள இறைச்சிக் கடைகளின் கழிவை மூடிய வண்டியில் அன்றே எடுக்கும் வேலை முதலில் தொடங்கட்டும். நிலையத்தாரும் நகரசபையாரும் சேர்ந்து, வாரந்தோறும் ஒரே நாழிகையில், மேட்டின்மேலும் ஓடுபாதைமேலும் பறவைகளை எண்ணி அக்கணக்கைப் பகிரங்கமாக வெளியிடட்டும். மண்ணிட்டு மூடியதாகச் சொல்லும் கிடங்கில் மாதங்கள் கடந்தும் எண்ணிக்கை குறையவில்லையென்றால், அங்கே இன்னும் சோறும் மாமிசமும் வந்துகொண்டிருக்கின்றன என்றே பொருள். அப்பொழுது கேள்வி கேட்கப்பட வேண்டியவர் யார் என்பதில் எவருக்கும் சந்தேகம் இராது.