சொடுக்குகள் வாக்குகள் அல்ல



தேடுபொறி தரும் பட்டியலில் நாம் எதைச் சொடுக்குகிறோம் என்பது பதிவாகிறது. பலர் சொடுக்கிய பக்கத்தை மேலே ஏற்றினால் பட்டியல் தானே செம்மையுறும் என்று பலர் எண்ணுகின்றனர். இதில் பாதிதான் உண்மை. சொடுக்கை வாக்காக எண்ணிக் கூட்டக்கூடாது என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோர்ஸ்டன் யோவாகிம்ஸ் குழுவினர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தேடும் மாணவர்களின் பார்வை எங்கெங்கே செல்கிறது என்பதைக் கருவியால் பதிந்தனர். கூகிள் தந்த முதலிரு விடைகளைச் சிலருக்கு அவர்கள் அறியாமலே இடம் மாற்றிக் காட்டினர். அப்போதும் மேலே நின்ற விடையே கூடுதலாகச் சொடுக்கப்பட்டது. தகுதியோடு இடமும் சேர்ந்தே சொடுக்கை ஈர்க்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

அப்படியானால் சொடுக்குகள் பயனற்றவையா? இல்லை. ஒருவர் முதலிரு விடைகளைக் கடந்து மூன்றாவதைச் சொடுக்கினால், கடந்துவந்த இரண்டைவிட அதுவே அவருக்குப் பொருத்தமாகத் தோன்றிற்று என்று கொள்ளலாம். அந்த ஆய்வில் இத்தகைய ஒப்பீடுகள் மனித மதிப்பீட்டாளர்களின் முடிவோடு பெரும்பாலும் ஒத்துப்போயின.

எண்ணிக்கையையும் திருத்திப் பயன்படுத்தலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரே சொல்லை 100 பேர் தேடுகின்றனர். முதலிடத்துப் பக்கத்தை 30 பேரும் ஐந்தாமிடத்துப் பக்கத்தை 12 பேரும் சொடுக்குகின்றனர். முதலாவதே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் முதலிடத்தை 100 பேரும் பார்க்க, ஐந்தாமிடம் வரை 20 பேரே வந்திருந்தால்? பார்த்தவர்களுள் முதலாவதை விரும்பியோர் 30 விழுக்காடு. ஐந்தாவதை விரும்பியோர் 60 விழுக்காடு!

எத்தனை பேர் பார்த்தனர் என்பதை எவ்வாறு அறிவது? ஒரே பக்கத்தை 100 பேருக்கு முதலிடத்திலும், வேறு 100 பேருக்கு ஐந்தாமிடத்திலும் காட்ட வேண்டும். முன்னதில் 60 சொடுக்கும் பின்னதில் 12 சொடுக்கும் கிடைத்தால், ஐந்தாமிடம் பெறும் பார்வை முதலிடத்தினதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே அங்கே விழும் ஒரு சொடுக்கை ஐந்தாக மதிக்கலாம்.

இதற்கும் எல்லையுண்டு. தவறுதலாக விழுந்த ஒரு சொடுக்கும் ஐந்தாகப் பெருகிவிடும். தேடுவோர் குறைவாக இருக்கும் சொற்களில் இப்பிழை கணக்கையே புரட்டிவிடும். எவருமே எட்டிப் பார்க்காத இடத்துப் பக்கத்திற்கோ பெருக்குவதற்கு ஒரு சொடுக்கும் இராது.

திருத்தாமல் கூட்டினாலோ தீங்கு வளரும். மேலிருப்பது சொடுக்கைப் பெறும். அந்தச் சொடுக்கே அதனை மேலும் அங்கே நிறுத்தும். நல்ல பக்கம் கீழேயே கிடக்கும். ஆதலால், பட்டியலை அமைப்போர் சிறு பங்குத் தேடல்களிலேனும் கீழுள்ள பக்கங்களை இடம் மாற்றி மேலே காட்டவேண்டும். அந்தச் சிலருக்குச் சற்றே தரம் குறைந்த பட்டியல் கிடைக்கலாம். பார்க்கப்படாத பக்கத்தைத் தகுதியற்றது என்று ஒதுக்குவதைவிட அந்த இழப்பு சிறிது.