காற்று சொல்லாததைக் கதை சொன்னது

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ் முதலிய ஊர்ப் பெயர்களைக் கேட்டதும், "எங்கள் பாட்டி அங்கேதான் பால்மரம் வெட்டினார்" என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு. விடியும் முன்பே பிரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகத் தம் நிரைக்கு நடந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலை செய்த பெண்கள் அவர்கள். அத்தகைய பெண்களின் வாழ்வை இலக்கியம் எவ்வாறு கண்டது என்பதை அறிய விரும்பும் மாணவர், இரு படைப்புகளைச் சேர்த்துப் படிப்பது நன்று. ஒன்று, பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' என்னும் கவிதை. மற்றொன்று, புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' என்னும் சிறுகதை.

இவ்விரண்டும் மலாயாவைப் பற்றியவை அல்ல. கவிதை பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற இந்தியப் பெண்களைப் பாடுகிறது. கதை இலங்கையின் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டது. கரும்பு, தேயிலை, இரப்பர் எனப் பயிர் மாறினாலும், கப்பலேறிச் சென்ற கூலிப் பெண்ணின் துயரம் என்ற கருப்பொருள் மாறவில்லை. ஆகவே, நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பத்து மாணவருக்கு இவை அயலார் கதைகளாகத் தோன்றா.

கவிதையையும் கதையையும் ஒப்பிடச் சொன்னால், பெரும்பாலான மாணவர் எழுதும் விடை ஒன்றுதான். கவிதையில் எதுகை, மோனை உண்டு. கதையில் கதைமாந்தர் உண்டு. கவிதை சுருக்கமானது, கதை விரிவானது. இவ்விடையில் பிழை ஏதுமில்லை. ஆனால், உலகில் உள்ள எந்தக் கவிதைக்கும் எந்தக் கதைக்கும் இதே விடை பொருந்தும். அதனால், இந்த இரண்டைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இவ்விரு படைப்புகளுக்கிடையே உள்ள தனி உறவைக் காண வேண்டுமாயின், கதையின் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

'துன்பக்கேணி' என்பது புதுமைப்பித்தன் புதிதாகப் படைத்த தொடர் அன்று. அது பாரதியின் அந்தக் கவிதையிலேயே உள்ளது. கவிதையில் பாரதி, அயல்தீவில் விம்மியழும் பெண்களின் குரலைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே சாட்சியாகக் காற்றை அழைக்கிறார். துன்பக் கேணிக்குள்ளிருந்து அவர்கள் அழுது சொன்ன சொற்களைத் தமக்கு எடுத்துச் சொல்லுமாறு அதனிடம் வேண்டுகிறார். காற்று விடை தரவில்லை. கவிதையும் அதற்காகக் காத்திருக்கவில்லை. காளியை நோக்கிய முறையீட்டில் அது முடிகிறது. பாரதி 1921-இல் மறைந்தார். 1935-இல், 'மணிக்கொடி' இதழில் புதுமைப்பித்தன் அந்தத் தொடரையே தலைப்பாக்கி ஒரு நெடிய சிறுகதையை எழுதினார். காற்றிடம் கேட்ட கேள்விக்குக் கதை விடை சொல்ல முன்வந்தது என்றே இதைக் கொள்ளலாம்.

அவ்வாறு பார்த்தால், கவிதையின் சுருக்கத்திற்கும் ஒரு காரணம் புலப்படும். பாரதி பிஜித் தீவுக்குச் சென்றவர் அல்லர். கடலுக்கு இப்பால் நின்றுகொண்டு, அப்பாலிருந்து வரும் அழுகையைக் கேட்க முயல்பவராகவே அவர் பாடுகிறார். எனவே, கவிதையில் எந்தப் பெண்ணுக்கும் பெயரில்லை, வயதில்லை, சொந்த ஊரில்லை. எல்லாரும் ஒரே கூட்டமாக, ஒரே அழுகையாக இருக்கிறார்கள். கைகால் சோர்ந்து விழும் உடல், செக்கு மாட்டைப் போன்ற ஓயாத உழைப்பு, தாய்வீட்டு நினைவு, மானத்துக்கு நேரும் கொடுமை ஆகியவை அடுத்தடுத்து வந்து செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு வரிகளே. ஆனால், ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் அடுக்கும் முறையால் அந்த வரிகளிலேயே விம்மல் கேட்கிறது. வாய்விட்டுப் படித்தால், படிப்பவரின் மூச்சும் அந்த விம்மலைப் போலவே தடைப்படும். உரைநடையில் இதைச் செய்வது எளிதன்று. புதுமைப்பித்தனும் அதைச் செய்ய முயலவில்லை.

அவர் செய்தது வேறு. கூட்டத்திலிருந்து ஒருத்தியைப் பிரித்தெடுத்தார். அவள் பெயர் மருதி. ஊர், திருநெல்வேலிச் சீமையில் உள்ள வாசவன்பட்டி. கணவன் பெயர் வெள்ளையன். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்து, பண்ணையை அண்டிப் பிழைப்பவர்கள். வெள்ளையன் சிறைக்குச் சென்ற பிறகு, பிழைக்க வழியில்லாத நிலையில்தான் மருதி தன் தாயுடன் கடல் கடந்து, 'வாட்டர் பாலம்' என்னும் தேயிலைத் தோட்டத்தை அடைகிறாள். அங்கே வெள்ளைக்கார அதிகாரியின் கொடுமைக்கு ஆளாகி, நோயையும் பெறுகிறாள். கவிதையில் ஒரு வரியாக வந்துபோன கொடுமை, கதையில் ஒரு பெண்ணின் உடலில் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது.

தோட்டத்தின் பெயரைச் சற்றுக் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் அருவியைக் குறிக்கும் பெயர், தொழிலாளர் நாவில் 'வாட்டர் பாலம்' ஆகிவிட்டது. மஸ்டர் 'பிரட்டு' ஆகாவிட்டாலும், பரேட் 'பிரட்டு' ஆனது நம் தோட்டப்புறத்தில்தானே! இவ்வகைச் சிறு செய்தியால், எங்கோ இருந்த தோட்டம் சட்டென்று பக்கத்தில் வந்துவிடுகிறது.

ஆயினும், இரு படைப்புகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு தோட்டத்தில் இல்லை, ஊரில் இருக்கிறது. பாரதியின் பெண்கள் தாய்நாட்டையும் அன்னை வீட்டையும் எண்ணி ஏங்குகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை, துன்பம் கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. ஆறுதல் கடலுக்கு இப்பால் இருக்கிறது. புதுமைப்பித்தன் இந்த எல்லைக்கோட்டை அழித்துவிடுகிறார். மருதியின் துன்பம் வாசவன்பட்டியிலேயே தொடங்கிவிட்டது. பண்ணையாரின் அதிகாரமும் சாதியின் இழிவும் வறுமையும் அவளைத் துறைமுகம் வரை தள்ளின. அங்கிருந்து முன்னால் இழுத்துச் சென்றது, அவள் மொழியையே பேசிய ஆள்கட்டும் முறை. பின்னர் ஊருக்குத் திரும்பியும் அவளுக்கு அங்கே வாழ்வு அமையவில்லை. அவள் மகள் வெள்ளைச்சியும் தோட்டத்திலேயே வளர்கிறாள். தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேருமோ என்ற அச்சம் கதையின் பிற்பகுதியைச் சூழ்ந்திருக்கிறது.

இந்த இடத்தில், நெகிரி செம்பிலானின் வரலாறு கதைக்குத் துணை வருகிறது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்களில் முதன்மையானவர் கங்காணி. அவர் வெளியார் அல்லர். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த தமிழரே, நிருவாகத்தின் அனுமதியுடன் தம் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். தாம் சேர்த்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் 'தலைக்காசு' என்று ஒரு சிறு தொகை கிடைத்தது. ஆகவே, தொழிலாளி நோயாய்ப் படுத்தாலும் தோட்டத்தை விட்டு ஓடினாலும் இழப்பு கங்காணிக்கும்தான். ஆறுதல் சொல்லும் உறவினரும், அதிகாலையில் கதவைத் தட்டி வேலைக்கு விரட்டுபவரும் ஒருவராகவே இருந்தது இதனால்தான்.

பாரதியின் கவிதையில் கங்காணி இல்லை. அவர் இருக்கவும் முடியாது. கவிதை உலகத்தை அழுபவர், கேட்பவர் என்று இரண்டாகப் பிரித்து, கேட்பவரின் நெஞ்சை உலுக்க முனைகிறது. நடுவே ஒரு தமிழர் நின்று கூலிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த முறையீட்டின் வேகம் குறைந்துவிடும். கதைக்கோ அந்த நடுவாள்தான் உயிர். நல்லவனும் அல்லாத, முழுக்கக் கெட்டவனும் அல்லாத மனிதர்களை வைத்துத்தான் ஒரு துன்பம் எப்படி நாள்தோறும் நடந்தது என்பதைக் காட்ட இயலும்.

அப்படியானால் கதையே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? உண்மையை அறிவதில் கதைதான் ஒருபடி மேல். அதை மறைக்க வேண்டியதில்லை. ஏன் புறப்பட்டார்கள், யார் அழைத்தார்கள், ஏன் திரும்ப முடியவில்லை என்ற மூன்று வினாக்களுக்கும் கவிதையில் விடை தேடினால் கிடைக்காது. ஆனால், கதைக்கு வாசகர் வேண்டும். எழுத்தறிவும் இதழ் வாங்கும் வசதியும் ஓய்வும் வேண்டும். மருதியைப் போன்ற ஒரு பெண் 1935-இல் தன் கதையைத் தானே படித்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாரதியின் பாட்டை அவள் படிக்க வேண்டியதில்லை. ஒருவர் பாடினால் போதும். மறுமுறை அவளும் உடன் பாடலாம். தாலாட்டையும் ஒப்பாரியையும் செவிவழியாகவே கற்றிருந்த பெண்களுக்கு அது அந்நியமான வடிவமும் அன்று.

இன்னொன்றும் உண்டு. கவிதை இல்லாதிருந்தால், இந்தக் கதைக்கு இந்தத் தலைப்பு இல்லை. 'துன்பக்கேணி' என்ற பெயரைப் பார்த்தவுடனே, பாரதியை அறிந்த வாசகரின் செவியில் அந்த விம்மல் ஒலிக்கத் தொடங்கிவிடும். புதுமைப்பித்தன் அழுகையை விவரிக்கத் தேவையில்லாமல், அமைதியாகவும் சில இடங்களில் ஏளனமாகவும் கதை சொல்ல முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆதலால், கவிதையை முதலில் வாய்விட்டுப் படித்து, பின்பு கதையைப் படிப்பதே தக்கது. மாற்றிப் படித்தால், கதையின் தலைப்பு வெறும் தலைப்பாகவே நின்றுவிடும்.

கங்காணி வழி மலாயாவுக்கு ஆள் வந்த முறை 1938-இல் நின்றுபோனது. இங்கு வந்து தங்கிவிட்ட மூதாட்டியிடம் "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால், தமிழ்நாட்டில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்வார். அதே கேள்வியை அவர் மகளிடம் கேட்டால், ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார். முதல் விடையைப் புரிந்துகொள்ளப் பாரதியின் கவிதை போதும். இரண்டாவது விடைக்கு வெள்ளைச்சியின் கதை வேண்டும்.