பேசிக் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்
அமீரக ஒப்பந்த வேலைக்குப் புறப்படும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஊராருக்கும் ஒரு வேண்டுகோள்

புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் சென்று ஏசி, வயரிங், வெல்டிங் வேலைகளைச் செய்துவந்த ஒரு குழுவினர், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அண்மையில் ஊர் திரும்பியதும், பல ஆண்டு உழைப்புக்கு அவர்கள் பெற்ற செட்டில்மெண்ட் எவ்வளவு சொற்பமானது என்பதும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. அவர்கள் வேலைபார்த்த நிறுவனத்துக்கே ஆளெடுக்க, அவர்களை அனுப்பிய அதே ஏஜெண்ட் அடுத்த மாதம் காரைக்குடியில் நேர்முகத் தேர்வு நடத்தப்போவதாகச் சுவரொட்டிகள் இப்போது ஒட்டப்பட்டுள்ளன. திரும்பி வந்தோர் கூடிப் பேசி வெளியிடும் இவ்வேண்டுகோளுக்கு அச்சுவரொட்டியே உடனடிக் காரணம். அதில் மாதம் 2,400 திர்ஹம் என்ற தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது; அதில் பேசிக் எவ்வளவு என்பது எங்கும் இல்லை.

பேசிக் என்பது மொத்தச் சம்பளத்திலிருந்து தங்குமிடம், போக்குவரத்து, உணவு முதலிய படிகளைக் கழித்தபின் எஞ்சும் அடிப்படை ஊதியம். மாதாமாதம் வங்கியில் வருவது மொத்தத் தொகையாகையால், வேலையில் இருக்கும்வரை இப்பிரிவினையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஓவர்டைம், எடுக்காத விடுப்புக்கான பணம், வேலை முடியும்போது தரப்படும் கிராஜுவிட்டி ஆகிய மூன்றும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படுகின்றன. 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பிலுள்ள அமீரகத் தொழிலுறவுச் சட்டத்தின்படி, ஓராண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் பேசிக்கும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் பேசிக்கும் கிராஜுவிட்டியாக உரியவை. கடைசியாகப் பெற்ற பேசிக்கே இதற்கு அளவுகோல். எனவே மொத்தச் சம்பளத்தைக் குறைக்காமல், காகிதத்தில் பேசிக்கை மட்டும் சுருக்கிப் படிகளை ஊதிப் பெருக்கினாலே நிறுவனத்துக்கு ஆதாயம் கிடைத்துவிடுகிறது.

இதன் விளைவை ஓர் ஏசி டெக்னீஷியனின் கணக்கிலிருந்து அறியலாம். மொத்தச் சம்பளம் 2,400 திர்ஹம், பேசிக் அதில் பாதியான 1,200, பணிக்காலம் எட்டு ஆண்டு என்று கொண்டால், ஒரு நாள் பேசிக் 40 திர்ஹம் ஆகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 4,200, அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 3,600, ஆக மொத்தக் கிராஜுவிட்டி 7,800 திர்ஹம். அதே 2,400 திர்ஹத்தில் பேசிக் 1,800 என எழுதப்பட்டிருந்தால் இத்தொகை 11,700 ஆகியிருக்கும். ஓவர்டைமில் இழப்பு இதைவிடப் பெரிது. எட்டு மணி நேர வேலைநாளில் 1,200 பேசிக்குக்கு ஒரு மணி நேர ஊதியம் 5 திர்ஹம்; சட்டம் கோரும் 25 விழுக்காட்டைச் சேர்த்தால் 6 திர்ஹம் 25 பில்ஸ். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமென மாதம் 26 நாள் ஓவர்டைம் பார்ப்பவருக்கு இதனால் 325 திர்ஹம் கிடைக்கிறது. பேசிக் 1,800 ஆக இருந்திருந்தால் 487 கிடைத்திருக்கும். மாதம் 162 திர்ஹம் என்பது சிறு தொகையாகத் தோன்றினாலும் எட்டு ஆண்டில் அது ஏறத்தாழ 15,600 திர்ஹம். கிராஜுவிட்டியில் குறைந்த 3,900 திர்ஹத்தையும் சேர்த்து, ஒரு திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று வைத்தால், ஒப்பந்தத்தில் மாற்றி எழுதப்பட்ட ஒரே ஓர் எண்ணால் அந்தத் தொழிலாளி இழந்தது ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய். பேசிக்கை இப்படிச் சுருக்கி எழுதுவதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதுதான் வேதனை. தொழிலாளி கையெழுத்திட்டிருக்கிறார், கணக்கும் சரியாகவே இருக்கிறது.

ஆனால் திரும்பி வந்த குழுவினரிடம் சட்டத்துக்கு ஒவ்வாத வேறொன்றும் நடந்திருக்கிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர்களின் விசா அதே முதலாளியின் வேறொரு கம்பெனி பெயருக்கு மாற்றப்பட்டு, புதிய ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்து பணிக்காலம் தொடங்கியதாக எழுதப்பட்டது. கேம்ப் மாறவில்லை, ஃபோர்மேன் மாறவில்லை, பராமரித்த கட்டடங்களும் மாறவில்லை. கடைசி மூன்று ஆண்டுகளும் இதனால் 30 நாள் கணக்குக்குப் பதில் 21 நாள் கணக்கில் வந்தன. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் பழைய பணிக்காலத்தோடு புதியது சேர்த்தே எண்ணப்பட வேண்டும் என்பது சட்டம்; அதைத் தவிர்க்கவே இப்பெயர் மாற்றம் என்று திரும்பியோர் கருதுகின்றனர். விசா கேன்சல் ஆகும் நாளில், விமான டிக்கெட்டைக் கண்முன் வைத்துக்கொண்டு, எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் படித்தவர் அக்குழுவில் ஒருவரும் இல்லை.

இனிப் புறப்படுவோர் செய்ய வேண்டியது கடினமன்று. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை அழைப்புக் கடிதம் அரபு, ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட வேறு மொழிகளிலும் தரப்படுகிறது. ஏஜெண்ட் நீட்டும் தாளுக்குப் பதில் அக்கடிதத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, பேசிக், படி, பதவிப் பெயர் ஆகிய மூன்றையும் படித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். இந்திய விதிகளின்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ஜிஎஸ்டி நீங்கலாக 30,000 ரூபாய்; ஆளெடுப்புச் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்க அமீரகச் சட்டமும் முதலாளிக்குத் தடை விதிக்கிறது. ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியும் தரப்பட வேண்டும். குறை இருந்தால் வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். ஒரு லட்சம் திர்ஹம் வரையிலான கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை. ஊர் வந்து சேர்ந்தபின் புலம்புவதைவிட, கேன்சலுக்கு முன்பே கணக்கை ஒரு தாளில் போட்டு மேலாளரிடம் நீட்டுவது எவ்வளவோ மேல்.

பதவிப் பெயரை இங்கே தனித்துக் குறிப்பிடக் காரணம் உண்டு. பெரிய கட்டடங்களைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரங்களை ஆண்டுக்கணக்கில் பராமரித்த ஒருவர், விசாவில் ஹெல்பர் என்று எழுதப்பட்டிருந்தமையால், அனுபவச் சான்றிதழிலும் ஹெல்பராகவே ஊர் திரும்பியிருக்கிறார். சென்னையிலோ கோவையிலோ மருத்துவமனைக்கும் தகவல் தொழில்நுட்ப வளாகத்துக்கும் சில்லர் ஆள் தேவைப்படும்போது இந்தத் தாளைக் காட்டி அவ்வேலையைக் கேட்க முடிவதில்லை. பணி முடிவில் கேட்டால் அனுபவச் சான்றிதழைக் கட்டணமின்றித் தர வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. ஆயினும் பதவிப் பெயரைத் திருத்தும் காலம் கடைசி நாள் அல்ல. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்க வேண்டும்.

மாநகர வேலை வேண்டாம், சொந்த ஊரிலேயே கடை வைக்கலாம் என்று எண்ணுவோருக்கு வேறு சிக்கல் இருக்கிறது. சில்லரும், குளிர்காற்றைக் குழாய்வழி அனுப்பும் பெரிய காற்றுப் பெட்டிகளும் சிற்றூரில் இல்லை. இங்கு வீட்டுக்கு வீடு இருப்பவை இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசிகள். அவற்றுள் பலவற்றில் ஆர்-32 என்னும் கேஸ் நிரப்பப்படுகிறது; இது ஓரளவு தீப்பற்றும் தன்மையுடையது. நைட்ரஜன் அடைத்துக் கசிவைச் சோதித்து, வேக்குவம் பம்பால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுதாக வெளியேற்றிய பின்னரே, எடை போட்டு அதனை நிரப்ப வேண்டும். வெளியலகில் உள்ள மின்னணுப் பலகை பழுதானால் அதைச் சோதித்தறிவது தனி வித்தை. கேம்ப் வாழ்க்கையில் இவற்றைக் கற்க வாய்ப்பு அரிது. கடைசி ஒப்பந்தக் காலத்தில் ஊருக்கு வரும் ஒரு லீவையாவது கல்யாண வீடுகளுக்குச் செலவிடாமல், ஒரு சர்வீஸ் கடையில் சம்பளமின்றி நின்று பழகுவதற்கு ஒதுக்கினால், திரும்பிய மறுமாதமே வேலை எடுக்க இயலும். திரும்பி வந்தவரை, அனுபவம் எதுவாயினும், அரைக் கூலிக்கு எடுபிடியாக வைத்துக்கொள்ளும் உள்ளூர்க் கடைக்காரர்களும் தம் வழக்கத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

சேமிப்பைப் பற்றிக் குடும்பத்தாரிடம் கூறவேண்டியது கசப்பானது. மேலே கண்ட டெக்னீஷியன் மாதம் 2,000 திர்ஹம் அனுப்பினார் எனக் கொண்டால், எட்டு ஆண்டில் ஊர் வந்து சேர்ந்தது 44 லட்சம் ரூபாய். அது வீட்டின் இரண்டாம் தளமாகவும், மைத்துனியின் சீராகவும், காதுகுத்து விருந்தாகவும் மாறியபின், திரும்பி வந்தவர் பெயரில் எஞ்சியது கிராஜுவிட்டி மட்டுமே. அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்காக 400 திர்ஹம், அதாவது 9,200 ரூபாய், மாதந்தோறும் ஒதுக்கப்பட்டிருந்தால், வட்டி நீங்கலாகவே எட்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்திருக்கும். ஒரு சர்வீஸ் கடைக்கு வேண்டிய கருவிகளும் வண்டியும் முன்பணமும் இதற்குள் அடங்கும்.

இவ்வாறு ஒதுக்கிவைக்க இரண்டு என்ஆர்ஈ கணக்குகள் தேவை. என்ஆர்ஈ என்பது வெளிநாட்டில் வாழும் இந்தியர் தம் அந்நிய வருவாயை ரூபாயில் வைக்கும் கணக்கு. அதன் வட்டிக்கு இங்கு வருமான வரி இல்லை. ஒரு கணக்கிலிருந்து வீட்டார் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்கு சேரும் மற்றொன்றுக்கு ஏடிஎம் அட்டையும் எடுக்கும் அதிகாரமும் எவருக்கும், பெற்ற தாய்க்குங்கூட, தரப்படலாகாது. அதில் சேர்வதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைப்புத்தொகையாக மாற்ற வேண்டும். ஓராண்டுக்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது என்பதால், வெவ்வேறு காலத்தில் முதிர்ச்சியடையும் சிறு வைப்புகளாக வைப்பதே தக்கது. நிலையாக ஊர் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்து உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். நடப்பிலுள்ள வைப்பு பேசிய வட்டியிலேயே முதிர்வு வரை தொடரும், திரும்பிய நாளுக்குப் பிந்திய வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பிள்ளை அல்லது கணவன் அனுப்பும் பணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததென்று தொலைபேசியில் சண்டையிடும் வீடுகள், அவர் வெறுங்கையோடு திரும்பும் நாளில் அவரைக் குறைசொல்லும் உரிமையை இழந்துவிடுகின்றன.

காரைக்குடி நேர்முகத் தேர்வு நடைபெறும் நாளில், திரும்பி வந்தோர் மண்டப வாயிலில் கணக்குத் தாளோடு நிற்பர்; வருவோர் தத்தம் பேசிக்கைச் சொன்னால் எட்டு ஆண்டுக் கணக்கை அங்கேயே போட்டுத் தருவர். பேசிக் மொத்தச் சம்பளத்தில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல், உண்மையான பதவிப் பெயரோடு எழுதப்படாதவரை ஒருவரும் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொள்கின்றனர். பழைய ஒப்பந்தமே மறுபடி நீட்டப்பட்டால், பணம் கட்டியோர் வைத்திருக்கும் ரசீதுகளின் நகல்களோடு சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் முறையீடு அளிக்கப்படும் என்பதை அந்த ஏஜெண்டும் இதன்வழி அறிந்துகொள்ளலாம். ரசீது தராமல் 30,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் எவராயினும், அதைத் தேர்வு நாளுக்கு முன்பே திருப்பித் தந்துவிடுவது அவருக்கு நல்லது.